மன்னார்குடிக்கு வந்த தூக்க மிட்டாய்

போன தை மாதம் நியூஜெர்சியிலிருந்து வந்திருந்த எங்கள் சித்தி பெண், பெட்டியைப் பிரித்து சாக்லேட், சோப்பு, சென்ட் எல்லாம் பங்கு போட்டு முடித்த பிறகு, ஒரு சின்ன பாட்டிலை மட்டும் தனியாக எடுத்து என் தங்கை கையில் கொடுத்தாள். உள்ளே கரடி வடிவத்தில், ஊதா நிறத்தில், சர்க்கரை தூவிய மிட்டாய். ஒன்றில் 1 மில்லிகிராம் மெலடோனின் என்று லேபிளில் போட்டிருந்தது. "ராத்திரி ஒன்னு குடு, அரை மணியில தூங்கிடுவான். அங்க எல்லா வீட்டுலயும் இருக்கு, கடையில விட்டமின் பக்கத்துலயே அடுக்கி வச்சிருப்பாங்க" என்றாள். அவள் சொன்னதில் பொய் எதுவும் இல்லை.

தங்கை வீடு மன்னார்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். மாப்பிள்ளை துபாயில் இருக்கிறார். பையனுக்கு நாலரை வயது, எல்கேஜி. ராத்திரி பதினோரு மணிக்கு முன்னால் கண் மூடமாட்டான், காலையில் வேன் வரும் நேரத்தில் எழுந்திருக்கமாட்டான். தங்கை அதை நினைத்து அழுதே இருக்கிறாள், அதனால் அந்த பாட்டிலை அவள் வாங்கிக்கொண்டதில் குற்றம் சொல்ல நான் யார்? பையனின் அப்பாயி மட்டும் பாட்டிலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நாங்க சாதிக்காயை ரெண்டு இழைப்பு இழைச்சு நாக்குல தடவுவோம், இது என்ன அது மாதிரியா?" என்று கேட்டார். அன்று சிரித்துவிட்டோம். பிறகு விஷயத்தைத் தோண்டியபோது, அந்தக் கேள்வி சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறது என்று தோன்றியது. இரண்டு இழைப்பில் எவ்வளவு சாதிக்காய் இறங்கும் என்று எந்தப் பாட்டிக்கும் தெரியாது. ஒரு கரடி மிட்டாயில் எவ்வளவு மருந்து இருக்கும் என்பதும் கிட்டத்தட்ட அப்படித்தான்.

முதலில் மெலடோனின் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். நம் மூளைக்குள் பட்டாணி அளவில்கூட இல்லாத பீனியல் சுரப்பி இருட்டியதும் விடுகிற ஹார்மோன் அது. 1958இல் யேல் பல்கலைக்கழகத்தில் ஏரன் லேர்னர் என்பவர் மாட்டின் பீனியல் சுரப்பிகளிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார். அவர் தோல் மருத்துவர், தேடியது தோலின் நிறத்தை மாற்றும் பொருளை, தூக்கத்தை இல்லை. பலர் நினைப்பதுபோல் இது தூக்கமாத்திரை வகை கிடையாது. தூக்கமாத்திரை ஆளை அடித்துப் படுக்கவைக்கும், மெலடோனின் உடம்புக்கு "ராத்திரி ஆயிடுச்சு" என்று தகவல் சொல்லும். கோயிலில் அர்த்தஜாம மணி அடிப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். மணி அடித்ததும் யாரும் அங்கேயே சுருண்டு விழுவதில்லை, நடை சாத்தும் நேரம் வந்துவிட்டது என்று எல்லோருக்கும் தெரிகிறது, அவ்வளவுதான். அதனால் இதில் எவ்வளவு கொடுக்கிறோம் என்பதைப் போலவே எத்தனை மணிக்குக் கொடுக்கிறோம் என்பதும் பெரிய விஷயம். சாயங்காலம் கொடுத்தால் உடம்பின் கடிகாரம் முன்னால் நகரும், விடியற்காலையில் கொடுத்தால் அதே மருந்து அதைப் பின்னால் தள்ளிவிடும்.

இப்போது அந்தக் கரடிக்கு வருகிறேன். பெரியவர் ஒருவரின் உடம்பு ஒரு ராத்திரி முழுக்கச் சுரக்கிற மெலடோனின் சில பத்து மைக்ரோகிராம்தான். ஒரு மிட்டாயில் எழுதியிருக்கிற 1 மில்லிகிராம் என்பது ஆயிரம் மைக்ரோகிராம். வாயால் சாப்பிடும்போது பெரும்பகுதியைக் கல்லீரல் முதல் சுற்றிலேயே உடைத்துவிடும், ஆறில் ஒரு பங்கு போல ரத்தத்துக்கு வரும் என்று வைத்தாலும் நூற்றைம்பது மைக்ரோகிராம் ஆகிறது. அதுவும் ராத்திரி முழுக்கச் சொட்டுச் சொட்டாக வரவேண்டியது ஒரே மூச்சில் வந்து சேர்கிறது, நாலரை வயது உடம்புக்கு. இதை ஏதோ சத்துமாத்திரை என்று நினைத்துக் கொடுப்பதில் டாக்டர்களுக்கு இருக்கிற முதல் சங்கடமே இதுதான்: குறைந்த டோஸ் என்று நாம் சொல்வதுகூட உடம்பின் கணக்கில் பெரிய டோஸ்.

லேபிளில் இருப்பதாவது உள்ளே இருக்கிறதா என்றால், அதற்கும் உத்தரவாதம் கிடையாது. அமெரிக்காவில் 1994இல் வந்த ஒரு சட்டப்படி மெலடோனின் அங்கே மருந்துக் கணக்கில் வராது, உணவுத் துணைப்பொருள் கணக்கில் வரும். அதாவது விற்பனைக்கு வருமுன் அரசு அதைச் சோதித்து ஒப்புதல் தருகிற ஏற்பாடு இல்லை. 2017இல் கனடாவில் கடையில் விற்ற 31 மெலடோனின் தயாரிப்புகளை வாங்கி ஆய்வுக்கூடத்தில் பார்த்தார்கள். சிலவற்றில் சொன்னதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை, சிலவற்றில் பல மடங்கு. ஆகக் கூடுதலாகப் போனது மென்று தின்கிற மாத்திரை ஒன்று. லேபிளில் 1.5 மில்லிகிராம், உள்ளே இருந்தது கிட்டத்தட்ட 9. இதோடு எட்டு தயாரிப்புகளில் நரம்புகளுக்கிடையே செய்தி கடத்துகிற செரோடோனின் என்ற பொருளும் கலந்திருந்தது, அது லேபிளில் எங்கேயும் இல்லை. 2023இல் அமெரிக்காவில் மிட்டாய் வகையை மட்டும் எடுத்து 25 தயாரிப்புகளைச் சோதித்தபோது, 22இல் லேபிள் அளவும் உள்ளே இருந்த அளவும் ஒத்துப்போகவில்லை. சொன்னதில் முக்கால் பங்கிலிருந்து மூன்றரை மடங்கு வரை இருந்தது. ஒன்றில் மெலடோனினே இல்லை, அதற்குப் பதில் கஞ்சாச் செடியிலிருந்து எடுக்கிற கன்னாபிடியால் இருந்தது. படித்துவிட்டு இரண்டு முறை திரும்பப் படித்தேன், சரியாகத்தான் படித்திருந்தேன்.

தங்கை என்ன செய்தாள் என்றால், முதல் வாரம் ராத்திரி ஒன்பதரைக்கு ஒன்று கொடுத்தாள். பையன் பத்து மணிக்கெல்லாம் தூங்கிவிட்டான். வீடே கொண்டாடியது. மூன்றாவது வாரம் மறுபடி பதினொன்றாக ஆனதும் இரண்டாக்கினாள். லேபிள் கணக்கில் 2 மில்லிகிராம். மேலே சொன்ன சோதனை வீச்சை இதற்குப் போட்டுப் பார்த்தால் ஒன்றரையாகவும் இருக்கலாம், ஏழாகவும் இருக்கலாம். எந்த ராத்திரி எது என்று அவளுக்குத் தெரிய வழியே இல்லை. காலையில் பையன் மந்தமாக இருந்தான், வேனில் ஏற்றினால் தலை தொங்கியது, நின்றுபோயிருந்த படுக்கையில் சிறுநீர் போகிற பழக்கம் இரண்டு முறை திரும்பியது. பகல் மந்தம், தலைவலி, படுக்கை நனைவது எல்லாம் மெலடோனின் எடுக்கும் குழந்தைகளிடம் முன்பே பதிவான பக்கவிளைவுகள்தான், பெரிய ஆபத்து இல்லை. ஆனால் தங்கை அதை மிட்டாயோடு சேர்த்தே யோசிக்கவில்லை, பனிக்காலம் என்று நினைத்துக்கொண்டாள்.

ஒரு வாரம் வேலை செய்து பிறகு நின்றுபோவது ஏன்? இதற்கு டாக்டர்கள் சொல்லும் ஒரு காரணம் எனக்குப் பிடித்திருந்தது. மெலடோனினை உடைக்கிற கல்லீரல் நொதி சில பிள்ளைகளுக்கு மெதுவாக வேலை செய்யும். நேற்று கொடுத்தது பகலிலும் கொஞ்சம் ரத்தத்தில் தங்கிவிடும், அதன் மேல் இன்றையது ஏறும். அப்புறம் பகலுக்கும் ராத்திரிக்கும் உடம்பால் வித்தியாசம் பார்க்க முடியாது. மணி நாள் முழுக்க அடித்துக்கொண்டே இருந்தால் யார்தான் கவனிப்பார்கள்? இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கு டோஸைக் கூட்டக் கூட்டப் பலன் குறையும். டாக்டர் கையில் இருந்தால் நிறுத்திவிட்டு, மறுபடி மிகச் சின்ன அளவில் தொடங்குவார். வீட்டில் இருக்கிற நாமோ நேரெதிராக இரண்டாவது கரடியை எடுக்கிறோம். எங்கள் பையனுக்கு இதுதான் நடந்தது என்று நான் சொல்லவில்லை. முதல் வார வெற்றியே வேறு காரணத்தால் வந்திருக்கலாம், ஏனென்றால் அந்த வாரம் சித்தி பெண்ணின் பிள்ளைகளோடு ஆற்றங்கரையில் சாயங்காலம் முழுக்க ஓடிக்கொண்டிருந்தான்.

கடைசியில் கும்பகோணத்தில் ஒரு குழந்தை மருத்துவரிடம் போனார்கள், நானும் கூடப் போனேன். பாட்டிலைப் பார்த்து அவர் கோபப்படவில்லை, திட்டவும் இல்லை. "இதை இன்னைக்கே நிறுத்தினா ஒன்னும் ஆகாதும்மா, ஆனா பாட்டில் எங்க இருக்கு வீட்ல?" என்றுதான் முதலில் கேட்டார். ஃபிரிட்ஜ் மேல் என்றாள் தங்கை. நாற்காலி போட்டால் எட்டுமா என்றார். எட்டும். அவர் கேட்டதற்குக் காரணம் உண்டு. அமெரிக்காவில் விஷ முறிவு ஆலோசனை மையங்களுக்குக் குழந்தைகள் மெலடோனினை விழுங்கிவிட்டதாக வந்த அழைப்புகள் 2012இல் 8,337 இருந்தன, 2021இல் 52,563 ஆகிவிட்டன. பெரும்பாலும் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள், வீட்டிலேயே, தெரியாமல் எடுத்துத் தின்றவர்கள். மிகப் பெரும்பாலோருக்கு எந்தத் தொந்தரவும் வரவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். ஆனால் அந்தப் பத்து ஆண்டுகளில் ஐந்து குழந்தைகளுக்கு வென்டிலேட்டர் வைக்கவேண்டி வந்தது, இரண்டு குழந்தைகள் இறந்தன. மருந்தை மிட்டாய் உருவத்தில், மிட்டாய் ருசியில் செய்துவிட்டுக் குழந்தைக்கு எட்டாமல் வையுங்கள் என்று லேபிளில் போடுவதை என்னவென்று சொல்வது?

அப்புறம் பத்து நாளைக்கு ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வரச் சொன்னார்: எப்போது தூங்கினான், எப்போது எழுந்தான், பகலில் எவ்வளவு தூக்கம், தூங்குமுன் கடைசி ஒரு மணி நேரம் என்ன நடந்தது. குறட்டை விடுகிறானா, வாயால் மூச்சு விடுகிறானா என்று கேட்டு டான்சிலைப் பார்த்தார், ராத்திரி கால் உதறுகிறானா, ஆசனவாயில் பூச்சி அரிப்பு இருக்கிறதா என்றும் கேட்டார். ரத்தத்தில் ஹீமோகுளோபினும் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பார்க்கச் சொன்னார். இரும்பு குறைந்தால் படுத்ததும் காலில் ஒரு குறுகுறுப்பு வந்து பிள்ளை புரண்டுகொண்டே இருக்கும், அதற்கு இரும்புச் சத்துதான் மருந்து. மெலடோனின் கொடுத்து மூடிவிட்டால் இது எதுவுமே வெளியே தெரியாமல் போய்விடும். டாக்டர்களின் தயக்கத்தில் பாதி மெலடோனினைப் பற்றியதே அல்ல, அது எதை மறைக்கும் என்பதைப் பற்றியது என்பது எனக்கு அங்கேதான் புரிந்தது.

எங்கள் பையனுக்கு இந்தச் சோதனைகளில் எதுவும் வரவில்லை. நோட்டில்தான் எல்லாம் இருந்தது. மூன்றே முக்காலுக்கு வேனில் வந்து இறங்குவான், பால் குடிப்பான், நாலே முக்காலுக்கு அப்பாயி மடியில் படுத்தால் ஆறரை வரை தூக்கம். எழுப்ப அப்பாயிக்கு மனசு வராது, "புள்ள களைச்சு வந்திருக்கு" என்பார். அப்புறம் பத்து மணிக்கு துபாயிலிருந்து வீடியோ கால். அங்கே எட்டரை, மாப்பிள்ளை ஷிப்ட் முடிந்து அறைக்கு வந்து சாப்பிட உட்காரும் நேரம். டியூப்லைட் வெளிச்சத்தில் போனை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு முக்கால் மணி நேரம் பேச்சும் ஆட்டமும். பதினொன்றுக்குத் தூங்கி, ஏழுக்கு எழுப்பினால் ராத்திரித் தூக்கம் எட்டு மணி நேரம், பகலில் ஒன்றே முக்கால், ஆக மொத்தம் ஒன்பதே முக்கால். இந்த வயதுக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரம் வேண்டும் என்பது கணக்கு. கொஞ்சம்தான் குறைகிறது. ஆக இவனுக்குத் தூக்கம் வராத வியாதி இல்லை, தூக்கம் தவறான இடத்தில் செலவாகிக்கொண்டிருந்தது.

வெளிச்ச விஷயம் சும்மா பாட்டி வைத்தியம் போலச் சொல்வதில்லை. அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் மூன்றிலிருந்து ஐந்து வயதுப் பிள்ளைகளைத் தூங்குமுன் ஒரு மணி நேரம் பிரகாசமான விளக்கு மேஜையில் விளையாடவிட்டு எச்சிலில் மெலடோனினை அளந்தார்கள், 2018இல் வெளியானது. அளவு கிட்டத்தட்ட தொண்ணூறு சதவீதம் விழுந்தது. விளக்கை அணைத்து ஐம்பது நிமிடம் கழித்தும் பெரும்பாலானவர்களுக்கு அது மேலே ஏறவில்லை. சின்னப் பிள்ளைகளின் கண்மணி பெரியது, கண்ணின் லென்ஸ் தெளிவானது, அதனால் அதே வெளிச்சம் நம்மைவிட அவர்களுக்குள் அதிகமாக இறங்குகிறது. ஆக, பத்து மணிக்கு விளக்கையும் போனையும் காட்டி உள்ளே சுரப்பதை நிறுத்திவிட்டு, அதையே பாட்டிலிலிருந்து வெளியே வாங்கி ஊற்றுகிறோம். மடையை அடைத்துவிட்டு போர் போடுவதைப் போலத்தான் இது.

டாக்டர் சொன்ன திட்டத்தில் முக்கியமான படி எங்களுக்குத் தலைகீழாகப் பட்டது. சீக்கிரம் படுக்கவைக்கச் சொல்வார் என்று பார்த்தால், "பத்தே முக்காலுக்கு முன்னாடி படுக்கவே வைக்காதீங்க" என்றார். வழக்கமாகத் தூக்கம் வரும் நேரத்துக்குச் சற்று முன்னால் உடம்பு அதிக விழிப்போடு இருக்கும். அந்த நேரத்தில் பிள்ளையைப் பாயில் அமுக்கினால் அது சண்டை போடும், பாய் என்றாலே சண்டை என்று பழகிவிடும். தூக்கம் வருகிற நேரத்திலேயே படுக்கவைத்து, கால் மணிக்குள் தூங்குகிறான் என்று ஆன பிறகு, மூன்று நாளைக்கு ஒருமுறை பதினைந்து நிமிடம் முன்னால் நகர்த்தவேண்டும். பத்தே முக்காலிலிருந்து ஒன்பதே காலுக்கு வர ஆறு நகர்த்தல், பதினெட்டு நாள். காலையில் எந்த நாளும், ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து, ஆறே முக்காலுக்கு எழுப்பி வாசலில் வெளிச்சத்தில் உட்காரவைக்கவேண்டும். சாயங்காலத் தூக்கம் அடியோடு கிடையாது, வேனில் தூங்கிவிட்டால் இறங்கியதும் முகத்தைக் கழுவி வாய்க்கால் பக்கம் கூட்டிப்போகவேண்டும். எட்டரைக்கு மேல் டியூப்லைட்டுக்குப் பதில் ஜீரோ வாட்ஸ் பல்பு. அப்பா போன் காலையில் ஏழு மணிக்கு, துபாயில் அப்போது ஐந்தரை, மாப்பிள்ளை கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போய்க்கொண்டிருப்பார்.

இதில் கஷ்டமான பகுதி எது தெரியுமா, மாப்பிள்ளையிடம் அதைச் சொன்னதுதான். ராத்திரி அந்த முக்கால் மணி நேரம்தான் அவருக்கும் மகன், ஓடுகிற பஸ்ஸில் பத்து நிமிடம் பேசுவது அதற்கு ஈடாகாது. இரண்டு நாள் தங்கையிடம் முகம் கொடுத்தே பேசவில்லை. பிறகு வெள்ளிக்கிழமை விடுப்பு அன்று சாயங்காலம் நீளமாகப் பேசுவது என்று ஒரு சமாதானம் ஆனது.

அப்படியென்றால் குழந்தைகளுக்கு மெலடோனினே கூடாதா என்றால், அப்படியும் இல்லை. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கும், கவனம் நிற்காமல் துறுதுறுவென்று இருக்கிற ஏடிஎச்டி கோளாறு உள்ளவர்களில் சிலருக்கும் டாக்டர்களே எழுதிக்கொடுக்கிறார்கள். 2018இல் ஐரோப்பாவில் ஆட்டிசமோ ஸ்மித்-மெஜனிஸ் என்கிற அரிய மரபணுக் கோளாறோ உள்ள, இரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்காகவே மெதுவாகக் கரையும் ஒரு மெலடோனின் மாத்திரைக்கு அனுமதி கொடுத்தார்கள். அந்த மரபணுக் கோளாற்றில் மெலடோனின் பகலில் சுரந்து ராத்திரி வறண்டுவிடும், அங்கே வெளியிலிருந்து கொடுப்பதற்கு நேரான அர்த்தம் இருக்கிறது. பிரிட்டனில் நரம்பு வளர்ச்சிக் குறைபாடு உள்ள 146 பிள்ளைகளிடம் நடந்து 2012இல் வெளியான பரிசோதனையில், மெலடோனின் எடுத்தவர்கள் முக்கால் மணி நேரம் போல முன்னதாகத் தூங்கினார்கள். ஆனால் மொத்தத் தூக்கம் கூடியது அரை மணிக்கும் குறைவு, ஏனென்றால் சீக்கிரம் எழுந்தும்விட்டார்கள். மணிக்கணக்கில் தூங்காத பிள்ளையை வைத்துக்கொண்டு தவிக்கிற வீட்டுக்கு அந்த முக்கால் மணி பெரிய வரம்தான். எங்கள் வீட்டுப் பையன் மாதிரிக் கதையில் அதற்குக் கொடுக்கிற விலைதான் கேள்வி. பிரிட்டனில் இதே பொருளை டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கமுடியாது. நியூஜெர்சியில் விட்டமின் அலமாரியில் இருப்பதும் லண்டனில் மருந்துச் சீட்டில் இருப்பதும் ஒரே பொருள் என்பதை சித்தி பெண்ணிடம் போனில் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.

விலை என்று சொன்னேனே, அதில் பெரியது வளர்ச்சி பற்றியது. சின்ன வயதில் ராத்திரி மெலடோனின் மிக உயரமாக இருக்கும், பருவம் நெருங்க நெருங்க இறங்கும். அந்த இறக்கம்தான் பருவமடைவதற்கான சைகைகளில் ஒன்றா என்ற சந்தேகம் பல காலமாக இருக்கிறது. ஆடுகளில் இது சந்தேகமே இல்லை. அறுவடை முடிந்ததும் நம் வயல்களில் கிடை போட வருகிற கீதாரிகளிடம் கேட்டால் ஆடு எந்தப் பருவத்தில் சினைக்கு வரும் என்று மாதக் கணக்குச் சொல்வார்கள். குளிர்நாடுகளில் அந்தக் கணக்கை மாற்றி முன்கூட்டியே சினைக்குக் கொண்டுவர ஆட்டின் காதடியில் மெலடோனின் வில்லையைப் பதிக்கிறார்கள். ராத்திரி எவ்வளவு நீளம் என்பதை வைத்து இனப்பெருக்கத்தை ஓட்டுகிற விலங்கு அது, மனிதன் அப்படி இல்லை, அதனால் ஆட்டைக் காட்டிப் பிள்ளையைப் பயமுறுத்தக்கூடாது. நெதர்லாந்தில் சுமார் மூன்று ஆண்டுகள் எடுத்த ஐம்பத்து சொச்சம் பிள்ளைகளைப் பின்தொடர்ந்தபோது பருவம் தள்ளிப்போனதாகத் தெரியவில்லை. நல்ல செய்திதான். ஆனால் ஐம்பது பிள்ளைகளை வைத்து, நாலு வயதில் ஆரம்பித்துப் பத்து வருடம் ராத்திரிதோறும் தின்கிறவர்களைப் பற்றித் தீர்ப்புச் சொல்லமுடியாது. டாக்டர் இதைச் சொல்லும்போது "கெடுதல்னு நிரூபிக்கலை, சரின்னும் நிரூபிக்கலை" என்றார்.

கொடுத்தே ஆகவேண்டிய பிள்ளைக்கு எப்படிக் கொடுப்பீர்கள் என்று கேட்டேன். முதலில் நேரம், வெளிச்சம் எல்லாவற்றையும் சரிசெய்து பார்த்துவிட்டு, அரை அல்லது ஒரு மில்லிகிராமில் தொடங்கி, தூங்கவேண்டிய நேரத்துக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி முன்னால், சில வாரத்துக்கு ஒருமுறை கூப்பிட்டுப் பார்த்து, நடுநடுவே நிறுத்தியும் பார்ப்போம் என்றார். வலிப்பு மருந்து போல வேறு ஏதாவது சாப்பிடுகிற பிள்ளை என்றால் அதையும் சேர்த்து யோசிக்கவேண்டும். நம் ஊர் மெடிக்கலில் கிடைக்கிற 3, 5, 10 மில்லிகிராம் மாத்திரைகளை உடைத்துக் கொடுக்கலாமா என்ற கேள்விக்குச் சிரித்தார், பெரியவர் சட்டையை மடித்துத் தைத்துப் பிள்ளைக்குப் போடுவதா என்பதுபோல.

பதினெட்டு நாள் கணக்கு எங்கள் வீட்டில் முப்பது நாள் ஆனது. நடுவில் ஊர்க் காளியம்மன் கோயில் திருவிழா, மூன்று ராத்திரி மைக்செட், யாருமே தூங்கவில்லை, மறுபடி பத்தரையிலிருந்து ஆரம்பித்தார்கள். சாயங்காலத் தூக்கத்தை நிறுத்திய முதல் வாரம் ஏழு மணிக்கெல்லாம் அழுகை, சோறு முழுக்க முகத்தில். இப்போது ஒன்பதரைக்குத் தூங்கி ஆறே முக்காலுக்கு எழுகிறான், ஒன்பதே கால் மணி நேரம், இந்த வயதுக்கு வேண்டிய பத்து மணி நேரத்துக்கு இன்னும் முக்கால் மணி குறைவு. சில நாள் அவனே எழுந்து வாசலில் நின்று "அப்பா போனு" என்கிறான். பாட்டில் இப்போது என்னிடம் இருக்கிறது, மிச்சம் நாற்பத்தொரு கரடி, அதை எங்கே கொட்டுவது என்றுதான் இன்னும் முடிவு செய்யவில்லை.